பெருமுண்டியும் சின்னமுண்டியும்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலில் 70 கிலோமீட்டர்தான். காலை வண்டியில் போய், வேலையை முடித்துக்கொண்டு, மாலை வண்டியில் திரும்பிவிடலாம். ஆனால் பறவை பார்க்கப் போகிறவனுக்கு அந்தக் கணக்கு சரிப்படாது. வெயில் ஏறுவதற்குள் வயலில் நிற்கவேண்டும். அதனால் டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் இரவே போய் இறங்கி, தம்பானூரில் ஒரு லாட்ஜில் படுத்து, ஞாயிறு விடிகாலை ஆட்டோ பிடித்தேன். "புஞ்சக்கரி" என்றேன். "கிரீடம் பாலமோ?" என்று கேட்டார் ஆட்டோக்காரர். 1989-ல் வந்த 'கிரீடம்' படத்தில் மோகன்லால் நடந்த பாலம் அது. வயலின் பெயரைவிடப் படத்தின் பெயர்தான் ஆட்டோக்காரர்களுக்கு வழி சொல்கிறது.

புஞ்சக்கரி என்ற பெயர் தமிழ்க்காரனைக் கொஞ்சம் குழப்பும். நமக்குப் புஞ்சை என்றால் தண்ணீர் பாயாத நிலம். மலையாளத்தில் புஞ்ச என்பது தாழ்ந்த வயலில், தண்ணீரை இறைத்துவிட்டுச் செய்யும் நெல் விவசாயம். ஒரே சொல், எல்லையைத் தாண்டியதும் நனைந்துவிட்டது. நகரத்துக்குத் தெற்கே, கேரளத்தின் நன்னீர் ஏரிகளில் ஒன்றான வெள்ளாயணிக் காயலை ஒட்டிக் கிடக்கிறது அந்த வயல்வெளி. நெல், வாழை, சேறு, இடையிடையே வாய்க்கால். பறவைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

எங்களை அழைத்திருந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அந்த ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் அவர் 'மாஷ்'. எங்கள் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது. வார்ப்ளர்ஸ் அண்ட் வேடர்ஸ் போலப் பெயரும் வரலாறும் உள்ள குழுக்கள் திருவனந்தபுரத்தில் இருக்கின்றன. நாங்கள் ஆறேழு பேர், ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள், அவ்வளவுதான். அன்று ஏழாவதாக ஒரு பெண் வந்திருந்தாள். திருநெல்வேலிக்காரி. டெக்னோபார்க்கில் வேலை. இதுதான் முதல் தடவை.

அவள் வந்த கோலத்தைப் பார்த்ததும் எனக்கு அடிவயிற்றில் ஒரு சங்கடம். முதுகுப்பையில் இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைகள் பற்றிய பெரிய ஆங்கிலப் புத்தகம். 1,300க்கும் மேற்பட்ட இனங்கள் அதில். கழுத்தில் இணையத்தில் வாங்கிய 20x50 பைனாகுலர். கைப்பேசியில் மூன்று செயலிகள். கேரளத்தில் இதுவரை பார்க்கப்பட்ட 500 சொச்சம் இனங்களின் பட்டியலை வேறு அச்சடித்து எடுத்து வந்திருந்தாள். "யாரோ சொன்னாங்க அண்ணாச்சி, இதெல்லாம் வேணும்னு" என்றாள். யாரோ என்ன, என்னைப் போன்ற ஒருவன்தான் சொல்லியிருப்பான்.

ஏனென்றால் நானே அப்படிச் செய்தவன். மூன்று வருஷத்துக்கு முன் தேரூர்க் குளத்தங்கரையில் ஒரு கல்லூரிப் பையன் என்னிடம் வந்து, "நானும் பறவை பாக்கணும், எங்க இருந்து தொடங்கணும்?" என்று கேட்டான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று இரவே அவனுக்குப் பதினாலு சுட்டிகள், நாலு புத்தகங்களின் பெயர், இரண்டு வாட்ஸாப் குழுக்கள், பைனாகுலர் வாங்குவது பற்றி ஒரு நீண்ட கட்டுரை எல்லாவற்றையும் அனுப்பினேன். "ரொம்ப நன்றி சார்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவனைக் குளத்தங்கரையில் நான் பார்க்கவில்லை.

மாஷ் அவளுடைய புத்தகத்தைக் கையில் வாங்கி நாலு பக்கம் புரட்டினார். "நல்ல புஸ்தகம். ஞானும் இதுதான் வச்சிருக்கேன்" என்றார். பிறகு அதைத் தன் ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் வைத்துப் பூட்டினார். "இது பின்னெ." அன்று காலை முழுக்க நான் அதிகம் கேட்ட சொல் அதுதான். பின்னெ. அப்புறம்.

பைனாகுலரை அவர் குறை சொல்லவில்லை. "மோளே, இத ஒண்ணு நோக்கு" என்று தன்னுடைய பழைய 8x42-ஐக் கொடுத்தார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டார். தூரத்து மின்கம்பத்தில் ஒரு நம்பர் எழுதியிருந்தது. அதைப் படிக்கச் சொன்னார். 20 மடங்கில் அந்த எண் பெரிதாகத்தான் தெரிந்தது, ஆனால் நாட்டியமாடியது. கையின் நடுக்கமும் 20 மடங்கு ஆகிவிடுமே. 8 மடங்கில் சின்னதாக, அசையாமல் நின்றது. இன்னொன்றும் உண்டு. முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், நம் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 50-ஐ 20-ஆல் வகுத்தால் 2.5 மில்லிமீட்டர். 42-ஐ 8-ஆல் வகுத்தால் ஐந்தே கால். விடிகாலை மங்கலில் கண்மணி விரிந்து கிடக்கும்போது அந்த இரண்டரை மில்லிமீட்டர் வெளிச்சம் போதாது. அவள் பைனாகுலரில் வயல் இருட்டாகத் தெரிந்ததற்கு அதுதான் காரணம். இந்த வகுத்தல் கணக்கை அவளிடம் சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. மாஷ் சொல்லவில்லை. நானும் விழுங்கிக்கொண்டேன்.

அவர் சொல்லிக்கொடுத்தது வேறு. அவள் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். அதனால் கண் வைக்கும் இடத்து ரப்பர் வளையங்களை உள்ளே மடக்கச் சொன்னார். இரண்டு வட்டங்கள் ஒரே வட்டமாகச் சேரும்வரை குழாய்களை விரித்துச் சுருக்கச் சொன்னார். வலது குழாயை முன்னால் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குக் கம்பத்து எண்ணைத் தெளிவாக்கினாள். அடுத்து இடதைப் பொத்தி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கத்து வளையத்தை மட்டும் திருப்பினாள். அவ்வளவுதான். இனி அந்த வளையத்தைத் தொடவேண்டியதில்லை. நடுச்சக்கரம் ஒன்றே போதும்.

அடுத்தது எல்லாப் புதியவர்களும் செய்யும் பிழை. பறவையைப் பார்ப்பார்கள், உடனே குனிந்து பைனாகுலரைப் பார்ப்பார்கள், நிமிரும்போது பறவை எங்கே என்று தேடுவார்கள். மாஷ் அவளைக் கம்பத்தின் எண்ணையே முறைத்துப் பார்க்கச் சொன்னார். கண்ணை எடுக்காமல், தலையை அசைக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரவேண்டும். முதல் தடவை வாழை மரம் வந்தது. இரண்டாவது தடவை வானம். ஆறாவது தடவை எண் வந்து நடுவில் உட்கார்ந்தது. பத்து நிமிஷம் கழிந்திருந்தது. இன்னும் ஒரு பறவையைக்கூட யாரும் அவளுக்குக் காட்டவில்லை. மற்றவர்கள் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

முதல் பறவை மடையான். நம் ஊரில் குருட்டுக் கொக்கு என்பார்கள், மலையாளத்தில் குளக்கொக்கு. வரப்பில் மண் நிறத்தில், கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு, இருக்கிற இடம் தெரியாமல் நின்றது. "எத்ர வலிப்பம்?" என்று கேட்டார் மாஷ். எவ்வளவு பெரியது? அவள் சென்டிமீட்டரில் யோசிக்கத் தொடங்கினாள். அவர் சிரித்துக்கொண்டு, நாலு பெயர் சொன்னார்: சிட்டுக்குருவி, மைனா, காக்கை, பருந்து. எதைப் பார்த்தாலும் இந்த நாலில் எதற்குப் பக்கத்தில் வருகிறது என்று முதலில் சொல்ல வேண்டும். "காக்கா அளவு" என்றாள். அலகு? நீளம், கூர். என்ன செய்கிறது? "ஒண்ணுமே செய்யல சார்." அதுவும் ஒரு குறிப்புதான் என்றார். சிறிய நோட்டில் அதையும் எழுதினாள்.

அந்த நேரத்தில் ஒரு சைக்கிள்காரர் வரப்போரம் வந்தார். மடையான் பறந்தது. மண் நிறப் பறவைக்குள்ளிருந்து இரண்டு வெள்ளைச் சிறகுகள் விரிந்தன. அவள் "ஏய்!" என்று கத்திவிட்டாள். முப்பது வருஷமாகப் பார்க்கிறேன், எனக்கும் அது ஒவ்வொரு தடவையும் ஒரு வித்தைதான். இந்தப் பறவையை முதலாவதாக மாஷ் தேர்ந்தெடுத்தது தற்செயலா, திட்டமா என்று அவரிடம் கேட்கவில்லை. எங்கும் கிடைக்கும், கிட்டே நிற்கும், நேரம் கொடுக்கும், கடைசியில் ஒரு வேடிக்கையும் காட்டும். இதைவிட நல்ல முதல் பறவை தென்னாட்டில் இல்லை.

காயலோரத்தில் மட்டையில் ஒரு நீர்க்காகம் சிறகு விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளித் தண்ணீரில் ஒரு கழுத்து மட்டும் நீந்திப் போனது. உடம்பு முழுக்க நீருக்குள். அதைப் பாம்புத்தாரா என்கிறோம். மலையாளத்தில் சேரக்கோழி, சேர என்றால் நம் சாரைப்பாம்பு. நாம் தாராவில் பாம்பைப் பார்த்தோம், அவர்கள் கோழியில் சாரையைப் பார்த்திருக்கிறார்கள். நீர்க்காகம், பாம்புத்தாரா இரண்டும் கறுப்பு, இரண்டும் மீன் பிடிப்பவை, இரண்டும் சிறகு காய வைப்பவை. எப்படிப் பிரிப்பது என்று மாஷ் அவளிடம் கேட்டார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதோட மூக்கு முனையில வளைஞ்சிருக்கு, அது ஊசி மாதிரி நேரா இருக்கு" என்றாள். புத்தகத்தில் அதே வரிதான் இருக்கும். ஆனால் அது அவளுடைய வரியாகிவிட்டது.

நான் சொதப்பியது அடுத்த வயலில். ஏர் ஓட்டிய சேற்றில் முப்பது நாற்பது வெள்ளைக் கொக்குகள். "இதெல்லாம் ஒரே கொக்கா அண்ணாச்சி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். கேட்காமலிருந்தாலே சொல்கிறவன் நான், கேட்டால் விடுவேனா? "நாலு வகை இருக்கும்மா" என்று ஆரம்பித்தேன். உண்ணிக்கொக்கு, சின்னக் கொக்கு, நடுத்தரக் கொக்கு, பெரிய கொக்கு. இனப்பெருக்கக் காலத்தில் பெரிய கொக்கின் மஞ்சள் அலகு கறுப்பாகும், நடுத்தரமும் அப்படியே, உண்ணிக்கொக்கின் தலை செம்மஞ்சளாகும், வாய்ப்பிளவின் கோடு கண்ணுக்குக் கீழே நின்றால் ஒன்று, கண்ணைத் தாண்டினால் இன்னொன்று... அவள் முகத்தைப் பார்த்தேன். தேரூர்ப் பையன் என் செய்தியைப் படித்தபோது அவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

மாஷ் பிளாஸ்கைத் திறந்து எனக்கு ஒரு டம்ளர் கட்டன் சாயா ஊற்றிக் கொடுத்தார். வாயை அடைக்க அதைவிட மரியாதையான வழி இல்லை.

பிறகு அவளிடம், "இன்னு ரெண்டு மதி" என்றார். இன்றைக்கு இரண்டு போதும். மஞ்சள் அலகு, குட்டைக் கழுத்து, மாட்டுக்கும் டிராக்டருக்கும் பின்னாலேயே போகிறது என்றால் அது உண்ணிக்கொக்கு; இங்கே காலிமுண்டி. கறுப்பு அலகு, கறுப்புக் கால், பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு, சின்னமுண்டி. சேற்றிலிருந்து அது காலைத் தூக்கும்போது மஞ்சள் செருப்பு போட்டதுபோல் பாதம் தெரிந்தது. மற்றவற்றைப் பெருமுண்டியா செறுமுண்டியா என்று மண்டையை உடைத்துக்கொள்ளவேண்டாம். 'வெள்ளைக் கொக்கு, எதுவென்று தெரியவில்லை' என்று எழுதினால் போதும் என்றார்.

"அப்படி எழுதலாமா சார்?"

எழுதலாம். எழுதத்தான் வேண்டும். ஈபேர்ட் செயலியிலேயே அதற்கு இடம் உண்டு. பெயருக்குப் பின்னால் sp. என்று போட்டிருந்தால், கூட்டம் தெரியும் இனம் தெரியாது என்று பொருள். நிபுணர்களும் போடுகிறார்கள். ஊகித்து எழுதிய பெயரைவிட 'தெரியவில்லை' பயனுள்ளது. ஊகத்தைப் பிறகு யாரும் களைய முடியாது. புதியவர்கள் பயந்து ஓடுவதற்குப் பாதிக் காரணம், எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லியாக வேண்டும் என்று அவர்கள் நினைத்துக்கொள்வதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த நினைப்பை அவர்களுக்கு ஊட்டுகிறவர்கள் நாங்கள்.

ஒரே ஒரு இடத்தில் மாஷ் உடனடியாகத் தலையிட்டார். வாழைத் தோப்புக்குள் செம்போத்து ஒன்று 'ஊப் ஊப்' என்று கூப்பிட்டது. மெர்லின் செயலி அதன் பெயரைக் காட்டியது. அவள் உற்சாகத்தில் அதிலிருந்த ஒலிப்பதிவைத் தட்டிவிட, செம்போத்து பதறிக்கொண்டு மட்டைமேல் வந்து நின்றது. "வந்துருச்சு!" என்றாள். மாஷ் அவள் கைப்பேசியின் ஒலியைக் குறைத்தார். "அவன் வீட்டுக்குள்ளே வேற ஒருத்தன் கேறி வந்துன்னு அவன் விசாரிச்சு. சண்டைக்கு வந்தான்" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். அவள் கைப்பேசியைப் பைக்குள் வைத்தாள். விதிகள் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றியிருந்தால் அவள் முகம் வேறு மாதிரி ஆகியிருக்கும். இரைச்சலில் அந்தச் செயலி இல்லாத பறவைக்கும் பெயர் சொல்லும் என்பதையும் அவர் அன்று சொல்லவில்லை. கண்ணால் பார்க்காததை நோட்டில் எழுதாதே என்று மட்டும் சொன்னார், இரண்டும் ஒன்றுதான்.

பாலத்துக்குத் திரும்பும் வழியில் எனக்குச் சாலிம் அலி நினைவுக்கு வந்தார். 1933-ல் திருவிதாங்கூரில் ஊர் ஊராகப் போய்ப் பறவைகளைக் கணக்கெடுத்தவர். அவரே ஒரு காலத்தில் இந்தப் பெண்ணைப்போல் நின்றவர்தான். 1908-ல், பம்பாயில் பள்ளிப் பையனாக, தான் சுட்ட சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் இருப்பது ஏன் என்று கேட்டுக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அங்கே செயலாளராக இருந்த மில்லர்டு என்ற வெள்ளைக்காரர் அது என்ன குருவி என்று சொன்னதோடு, பாடம் செய்து வைத்திருந்த பறவைகள் நிறைந்த இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். கையில் கொடுத்தனுப்பிய புத்தகங்களும் கனத்த ஆராய்ச்சி நூல்கள் இல்லை. பம்பாயின் சாதாரணப் பறவைகளைப் பற்றி வேடிக்கையாக எழுதப்பட்ட சின்னப் புத்தகம் ஒன்று அதில் இருந்தது. அந்தச் சம்பவத்தைச் சாலிம் அலி கடைசிவரை மறக்கவில்லை. தன் வாழ்க்கை வரலாற்றுக்கே ஒரு குருவியின் பெயரைத்தான் வைத்தார்.

சாயாக்கடையில் உட்கார்ந்ததும் மற்றவர்கள் பட்டியலைக் கூட்டத் தொடங்கினார்கள். ஐம்பதை நெருங்கியது. அவளுடைய நோட்டில் ஒன்பது. கொஞ்சம் வெட்கத்தோடு அதை மூடினாள். மாஷ் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவரே கையால் எழுதியது, பத்துப் பறவைகள். காக்கை, மைனா, கரிச்சான், செம்பருந்து, மீன்கொத்தி என்று அவள் தங்கியிருக்கும் கழக்கூட்டத்தில், மொட்டை மாடியிலிருந்தே பார்க்கக்கூடியவை. கீழே ஒரு வரி: 'ஒரே இடம், ஒரே நேரம், 15 நிமிடம்.' வாரத்தில் இரண்டு காலை அங்கே நின்று, கண்டதை எண்ணி எழுதவேண்டும். பத்தில் ஏழு பழகிவிட்டால் அவரைக் கூப்பிடலாம்.

அந்தப் 15 நிமிடம் அவர் கைச்சரக்கு இல்லை. 2015 முதல் 2020 வரை கேரளம் முழுவதையும் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் பறவை வரைபடம் தயாரித்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 15 நிமிடப் பட்டியல்களாகத்தான் எடுத்தார்கள். அப்படிச் சேர்ந்த 25,000 பட்டியல்களிலிருந்து 361 இனங்கள் பதிவாயின. மாஷும் அதில் நடந்தவர். அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. என்றைக்காவது அவளே அந்த இடத்துக்கு வந்து நிற்கும்போது, மொட்டை மாடியில் தான் செய்ததும் அதையேதான் என்று அவளுக்குத் தெரியும்.

வாட்ஸாப் குழுவில் சேர்க்கிறீர்களா என்று அவள் கேட்டாள். "ஒரு மாசம் கழியட்டெ" என்றார். எனக்கு முதலில் அது கடுமையாகப் பட்டது. பிறகு என் கைப்பேசியைத் திறந்து அந்தக் குழுவைப் பார்த்தேன். ராத்திரி மட்டும் 140 செய்திகள். அரிப்பக் காட்டில் எடுத்த தவளைவாயன் படம், ஒரு உள்ளானின் வால் இறகு பற்றிய சண்டை, அறுபதாயிரம் ரூபாய் லென்ஸ் விற்பனைக்கு. எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் மடையானைப் பார்த்துக் கத்தியவள் அங்கே போனால், அது பேசத் தகுதியில்லாத பறவை என்று ஒரே நாளில் முடிவு கட்டிவிடுவாள்.

கிளம்பும்போது அவள் என்னிடம், தமிழில் ஒரு புத்தகம் சொல்லுங்கள் என்றாள். ஒன்று. ஒன்றே ஒன்று. நான் விரலை மடக்கிக்கொண்டு, க்ரியா வெளியிட்ட, ஜெகநாதனும் ஆசையும் எழுதிய பறவை அறிமுகக் கையேட்டைச் சொன்னேன். பையில் போகும் அளவு. படத்தோடு நம் ஊர்ப் பெயர்கள் இருக்கும். ரத்னத்தின் நூல், மா. கிருஷ்ணன், மலையாளத்தில் இந்துசூடன் 1958-ல் எழுதிய பெரும் புத்தகம் எல்லாம் தொண்டை வரை வந்தன. "பின்னெ" என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மாஷ் கேட்டுவிட்டவர் மாதிரி சிரித்தார்.

மூன்று வாரம் கழித்து, எனக்கும் மாஷுக்கும் பொதுவாக ஒரு செய்தி வந்தது. ஆக்குளம் காயலோரத்தில் அவள் கைப்பேசியில் எடுத்த மங்கலான படம். 'சார், அண்ணாச்சி, அலகு மஞ்சள், ஆனா மாட்டுக்குப் பின்னாடி போகல. கால் கறுப்பு, பாதமும் கறுப்பு. கழுத்து நீளம். காலிமுண்டியும் இல்ல, சின்னமுண்டியும் இல்ல. அப்ப என்ன?'

நான் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். நாலு வரி போனபின் அழித்தேன். அதற்குள் மாஷின் பதில் வந்துவிட்டது. சுருக்கமாக.

'பறவை இன்னும் அங்கே நிக்குதா? வாய்க்கோடு எங்கே முடியுதுன்னு பைனாகுலர்ல நோக்கு. கண்ணுக்குக் கீழயோ, கண்ணைத் தாண்டியோ?'

இரண்டு நிமிஷம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் வந்தது.

'தாண்டிப் போகுது சார். நல்லாத் தெரியுது.'